தன் பள்ளியைத் தானே ஆராயும் ஆசிரியை

பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் பள்ளியையே ஓர் ஆசிரியை எம்.எட். பட்டத்துக்கோ முனைவர் பட்டத்துக்கோ ஆய்வுக்களமாக எடுத்துக்கொள்ளும்போது, அவர் அங்கே யாராக இருக்கிறார் என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு தகவலும் அவர் கைக்கு வந்துசேர்கிறது. மதிப்பெண் போடுபவர் என்பதால் மாணவர்கள் சிலவற்றை அவரிடம் சொல்வதில்லை. ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலிக்காரர் என்பதால் சக ஆசிரியர்கள் சிலவற்றைத் தாராளமாகச் சொல்கிறார்கள். வேறு சிலவற்றை, அவருக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிடுகிறார்கள். ஆய்வுமுறை நூல்கள் இந்த இருப்பை ‘ஆய்வாளர் நிலை’ என்று குறிப்பிடுகின்றன. எங்கேனும் ஓரிடத்தில் நின்றுதான் எவரும் எதையும் பார்க்க முடியும் என்பதால், நிலை இருப்பது குறையாகாது. அந்த இடத்தில் நிற்பதாலேயே ஆய்வின் முடிவு திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சாயுமானால், அந்தச் சாய்வுக்குப் பெயர் ‘சார்பு’. நிலையைச் சொல்லிவிட்டதாலேயே சார்பு போய்விடுவதில்லை. ஆய்வேடுகளின் ஆய்வுமுறை இயல் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

உள்ளே இருப்பவர் ‘அகத்தவர்’, வெளியிலிருந்து வருபவர் ‘புறத்தவர்’ என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1972-இல் எழுதிய கட்டுரை இந்தப் பிரிவையே கேள்விக்கு உள்ளாக்கியது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் பல அடையாளங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றில் அகத்தவராக இருப்பவர் மற்றொன்றில் புறத்தவராக இருப்பார் என்பது அவர் வாதம். ஆசிரியர் அறைக்கு அகத்தவரான ஆசிரியை கடைசி பெஞ்சுக்குப் புறத்தவர். அதே ஊரில் பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், ஊரின் எந்தத் தெருவில் வளர்ந்தார் என்பது பெற்றோர் அவரோடு பேசும் பேச்சை மாற்றிவிடும்.

இதற்கு இந்தியச் சமூகவியலில் நன்கறியப்பட்ட சான்று எம். என். ஸ்ரீனிவாஸ். மைசூரில் பிறந்த அவர், 1948-இல் மைசூர்ப் பகுதியிலேயே ஒரு சிற்றூரில் தங்கிக் களப்பணி செய்தார். மொழி தெரியும், பழக்கவழக்கம் தெரியும். அந்த அளவில் அவர் அகத்தவர்தான். ஆனால் அவர் பிராமணர், தங்க இடம் தந்தவர் ஊர்த் தலைவர். பின்னாளில் அந்த ஊரைப் பற்றி எழுதிய நூலில், தான் கண்டது மேல்சாதியினரின் கண்ணில் தெரிந்த ஊர் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஊரின் மற்றொரு பாதி அவர் கண்ணில் படாமல் போனதற்கு அவர் மனத்தில் வெறுப்பு இருந்தது காரணமில்லை. எந்தத் திண்ணையில் உட்கார்ந்தார், யாரோடு நடந்தார், யார் வீட்டில் சாப்பிட்டார் என்பவைதான் காரணம். சார்பு பெரும்பாலும் எண்ணத்தில் தொடங்குவதைவிட இப்படி அன்றாட நடமாட்டத்தில்தான் தொடங்குகிறது. தன் பள்ளியை ஆராயும் ஆசிரியைக்கும் இதே கதைதான்.

விளக்கத்துக்காக ஓர் ஆசிரியையைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 12 ஆண்டுகளாகக் கணக்கு எடுக்கிறார். அவரது 9-ஆம் வகுப்பில் 38 பேர்: 20 ஆண் பிள்ளைகள், 18 பெண் பிள்ளைகள். கணக்கு வகுப்பில் புரியாதபோது மாணவர்கள் அதை ஏன் சொல்வதில்லை என்பது அவருடைய ஆய்வுக் கேள்வி.

இந்தக் கேள்விக்கு அவரிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. கீழ் வகுப்புகளில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்ல ஆளில்லை, போதாததற்குக் கைபேசி. இந்தப் பதில் தவறாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அது 12 ஆண்டுகளாக மனத்தில் ஊறிக் கிடப்பதால், அதற்குப் பொருந்தும் பேச்சு உடனே காதில் விழும்; பொருந்தாதது நழுவிப்போகும். எனவே களத்தில் இறங்குவதற்கு முன் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, தான் எதிர்பார்க்கும் முடிவுகளை ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு நெறியாளரிடம் கொடுத்துவிடுவது. ஒரு பக்கம் போதும். ஆய்வு முடியும்போது கிடைத்த முடிவை இந்தத் தாளோடு ஒப்பிடலாம். இரண்டும் வரிக்கு வரி ஒத்துப்போனால், தரவு அவருக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லையா அல்லது அவர் கேட்டுக்கொள்ளவில்லையா என்ற ஐயம் எழ வேண்டும்.

அடுத்தது யாரிடம் பேசுவது என்பது. தானே தேர்ந்தெடுத்தால் ஆசிரியையின் விரல் நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைகளை நோக்கியே நீளும். புரியவில்லை என்று சொல்லாத பிள்ளைகளைப் பற்றிய ஆய்வில் பேசத் தெரிந்தவர்களை மட்டும் கேட்டால் ஆய்வின் அடித்தளமே ஆடிவிடும். இதற்கு வருகைப் பதிவேடே போதும். ஆண் பிள்ளைகளின் பெயர்கள் முதலிலும் பெண் பிள்ளைகளின் பெயர்கள் அடுத்தும் எழுதப்பட்ட பதிவேட்டில் ஒவ்வொரு நான்காவது பெயரையும் எடுத்துக்கொண்டு போனால் 4, 8, 12 என்று தொடங்கி 36 வரை 9 பேர் கிடைப்பார்கள். அவர்களில் 5 பேர் ஆண்கள், 4 பேர் பெண்கள். வகுப்பின் விகிதம் குலையவில்லை. ஆசிரியையின் விருப்பத்துக்கும் இடமில்லை.

இந்த 9 பேரையும் ஆசிரியையே நேர்காணல் செய்யலாமா? செய்யாமலிருப்பது நல்லது. “விருப்பமுள்ளவங்க கை தூக்குங்க” என்று தன் வகுப்பில் கேட்டால் 38 கைகளும் உயரும். அதை ஒப்புதல் என்று ஆய்வேட்டில் எழுதுவது பொய்க்கு நெருக்கமானது. மதிப்பெண்ணும் கண்டிப்பும் ஆசிரியை கையில் இருக்கும்வரை, அந்தப் பிள்ளைக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல உண்மையான வழி இல்லை. ஆகவே பல்கலைக்கழகத்தில் உடன் ஆய்வு செய்யும் வேறொருவர், பள்ளிக்கு அறிமுகமில்லாதவர், பெற்றோரின் கையெழுத்தையும் பிள்ளையின் சம்மதத்தையும் தனித்தனியே பெற வேண்டும். நேர்காணலையும் அவரே நடத்த வேண்டும். யார் சம்மதித்தார், யார் மறுத்தார் என்பது ஆசிரியைக்குத் தெரியக் கூடாது. பெயர் நீக்கி எழுதிய பிரதி, ஆண்டு இறுதித் தேர்வு முடிவு வந்த பிறகே அவர் கைக்குப் போக வேண்டும். ஒலிப்பதிவைக் கொடுக்கவே கூடாது; 12 ஆண்டு பிள்ளைகளோடு பழகிய காது, குரலைக் கேட்டதும் ஆளைச் சொல்லிவிடும். எழுத்துப் பிரதியிலும் சில பிள்ளைகளை அவர் அடையாளம் கண்டுகொள்ளக்கூடும் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

படிவத்தில் அளவோடு எழுத வேண்டிய இன்னொரு வரியும் உண்டு. நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று பிள்ளைக்கு முழு உறுதி தர முடியாது. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விதிக்கும் கடமை. ஆசிரியை, வெளியார் இருவருக்கும் இது பொருந்தும். எது ரகசியம், எது ரகசியமாக இருக்காது என்பதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே பிள்ளைக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிட வேண்டும்.

நேர்காணல் நடக்கும் காலத்தில் ஆசிரியை தன் பங்குக்கு ஒரு நாட்குறிப்பு எழுதிவருகிறார். 15 வேலைநாட்களின் குறிப்பு அது. பெரும்பாலான நாட்களில் ஒரே காட்சிதான் வருகிறது: கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு “புரிஞ்சுதா?” என்று கேட்கிறார், “புரிஞ்சுது டீச்சர்” என்று வகுப்பே சேர்ந்து சொல்கிறது, மறுநாள் வீட்டுப்பாடத்தில் பாதிப் பேர் அதே இடத்தில் தவறு செய்திருக்கிறார்கள். ‘கேட்கத் தயக்கம், அக்கறைக் குறைவு’ என்று குறிப்பில் எழுதிவைக்கிறார்.

பிறகு வெளியார் நடத்திய நேர்காணல்களின் பிரதி வருகிறது. அதில் ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறது: “டீச்சர் அழிச்சுக்கிட்டேதான் கேப்பாங்க. அதுக்குள்ள கணக்கு போயிடும். எதைப் புரியலன்னு சொல்றது?” வேறு இருவர் வேறு சொற்களில் இதையே சொல்கிறார்கள். கையில் டஸ்டரை எடுத்துக்கொண்டு பலகையை அழித்தபடியே ஆசிரியை “புரிஞ்சுதா?” என்று கேட்கிறார். 15 நாள் நாட்குறிப்பில் டஸ்டர் ஓரிடத்திலும் இல்லை. தன் கை என்ன செய்கிறது என்பது அவர் பார்வைக்குள்ளேயே வரவில்லை. பிள்ளைகளைப் பற்றிய ஆய்வாகத் தொடங்கியது ஆசிரியையைப் பற்றிய ஆய்வாகத் திரும்பும் இடம் இது. தன் பள்ளியை ஆராய்பவர் அந்தப் பள்ளியில் நடப்பவற்றுக்கு ஒரு காரணமாகவும் இருக்கிறார். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு இந்தச் சிக்கல் மிகக் குறைவு.

மூன்று பிள்ளைகள் சொன்னதாலேயே அது உண்மையாகிவிடாது. அதையும் சோதிக்க வேண்டும். சோதிக்க எளிய கருவி ஒலிப்பதிவு. சிகாகோவில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய விவியன் பேலி, தன் வகுப்பறையையே பல பத்தாண்டுகள் ஆராய்ந்து எழுதியவர். கறுப்பினக் குழந்தைகள் உள்ள வகுப்பில் வெள்ளை ஆசிரியையாக நிற்பதைப் பற்றிய அவரது முதல் நூல் 1979-இல் வந்தது. வகுப்பில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பேச்சைப் பதிந்து, பிறகு கேட்டு எழுதுவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். அப்படிக் கேட்டபோது, தான் எத்தனை முறை குழந்தையின் பேச்சுக்குள் குறுக்கிடுகிறோம், குழந்தை சொல்லவந்ததைக் கேளாமல் தன் மனத்திலிருந்த விடையை நோக்கித் தள்ளுகிறோம் என்பது தெரியவந்ததாக அவர் எழுதினார். நினைவிலிருந்து எழுதும் நாட்குறிப்பு எழுதுபவருக்குச் சாதகமாகவே எழுதப்படும். ஒலிப்பதிவுக்கு அந்தத் தயவு கிடையாது.

நம் ஆசிரியையும் 6 வகுப்புகளைப் பதிவுசெய்கிறார். “புரிஞ்சுதா?” என்ற கேள்விக்கும் அடுத்து அவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்கும் இடையே எத்தனை நொடி என்று அளக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடி அளவே என்று மேரி பட் ரோ 1970-களில் அமெரிக்க வகுப்பறைப் பதிவுகளிலிருந்து காட்டியிருக்கிறார். மூன்று நொடி காத்திருந்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, தாமாகப் பேசுவோர் தொகை கூடுகிறது என்பதும் அவர் கண்டது. ஆக, நம் ஆசிரியை தன் நொடிகளை ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கிறது. டஸ்டரை ஒலிப்பதிவு காட்டாது. அதற்கு ஒரு சக ஆசிரியரைப் பின்வரிசையில் உட்காரச் சொல்லி, ஒவ்வொரு “புரிஞ்சுதா?”வின்போதும் பலகையில் கணக்கு இருக்கிறதா, அழிந்துவிட்டதா என்று மட்டும் குறிக்கச் சொல்லலாம். நன்றாக நடத்துகிறாரா என்று கேட்டால் சக ஆசிரியர் பாராட்டுவார். இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் குறித்துக் கொடுப்பார்.

சக ஆசிரியர்களை நேர்காணும்போது வேறு வகைச் சிக்கல் எழுகிறது. “உங்களுக்குத் தெரியாததா டீச்சர்?” என்பது அகத்தவர் எடுக்கும் நேர்காணல்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். அதன் பிறகு வருவது பாதி வாக்கியமும் ஒரு சிரிப்பும். அந்தப் பசங்க, அந்தப் பக்கம், அந்த மாதிரி வீடு என்று சுட்டினாலே இருவருக்கும் புரிந்துவிடுகிறது. பிரதியில் எதுவும் பதிவாவதில்லை. எழுதும்போது ஆசிரியை அந்த வெற்றிடத்தைத் தன் மனத்திலிருந்து நிரப்பிவிடுவார். பிறகு அது சக ஆசிரியர் சொன்னதாகவே ஆய்வேட்டில் நின்றுவிடும். இதைத் தவிர்க்கக் கருத்துக் கேட்பதை விட்டு நடந்ததைக் கேட்க வேண்டும். “பசங்க ஏன் கேக்க மாட்டேங்கறாங்க, சார்?” என்பதைவிட, “போன வாரம் உங்க வகுப்புல யாராவது புரியலன்னு சொன்னாங்களா? அப்ப என்ன நடந்துச்சு? அப்புறம்?” என்பது மேலானது. வெளியாருக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வதும் உதவும். தேநீர் வேளையில் காதில் விழுந்தவை, சொன்னவரின் ஒப்புதல் இல்லாமல் தரவாகக் கூடாது. ஆய்வாளராக எப்போது கேட்கிறார், சகாவாக எப்போது கேட்கிறார் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறிப்பேட்டை வெளியே எடுத்து மேசைமேல் வைப்பது அதற்கு எளிய அடையாளம். தலைமையாசிரியர் தந்த அனுமதி பள்ளிக்குள் ஆய்வு செய்வதற்கான அனுமதி மட்டுமே. மற்ற ஆசிரியர்களின் சம்மதமும் அதிலேயே அடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்வது பரவலாக நடக்கும் பிழை.

பிரதிகளைப் படித்து ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு குறியீடு இடும் கட்டத்தில்தான் சார்பு மிக அமைதியாக வேலை செய்கிறது. “மறந்துட்டேன்” என்று பிள்ளை சொன்னதை ஆசிரியை ‘அக்கறையின்மை’ என்று குறிக்கிறார். அதே பிரதியைப் பள்ளிக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்தால் அவர் ‘திட்டுக்குத் தப்பும் பதில்’ என்று குறிக்கக்கூடும். 9 பிரதிகளில் மூன்றையாவது இப்படி இருவர் தனித்தனியே குறித்து, வேறுபடும் இடங்களை ஒன்றுவிடாமல் பட்டியலிட வேண்டும். யார் சொன்னது சரி என்று தீர்ப்பதைவிட, வேறுபாடுகள் எந்தத் திசையில் குவிகின்றன என்று பார்ப்பது பயன் தரும். வேறுபடும் இடங்களில் ஆசிரியையின் குறியீடு பெரும்பாலும் பிள்ளையின் குணத்தையும், மற்றவரின் குறியீடு வகுப்பறைச் சூழலையும் காரணம் காட்டினால், அவரது சார்பு இன்னதென்று கண்ணெதிரே வந்துவிட்டது. அந்தப் பட்டியலை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அப்படியே சேர்க்கலாம்.

பங்கேற்றவர்களிடமே முடிவைக் காட்டிச் சரிதானா என்று கேட்பது நம்பகத்தன்மைக்கு நல்ல வழி என்று பாடநூல்கள் பரிந்துரைக்கின்றன. சக ஆசிரியர்களிடம் இது செல்லும். தன் மாணவர்களிடம் செல்லாது. டீச்சர் எழுதியதைத் தவறு என்று எந்தப் பிள்ளை சொல்லும்? “சரிதான் டீச்சர்” என்ற அந்தப் பதில், “புரிஞ்சுது டீச்சர்” என்பதன் உடன்பிறப்பு. ஆய்வு எதைக் கேள்விக்கு எடுத்துக்கொண்டதோ அதையே சான்றாகக் காட்டிவிட்டு ஆசிரியை போய்விடுவார். இங்கும் கேட்க வேண்டியவர் வெளியார்தான். ஒரே முடிவைக் காட்டுவதைவிட இரண்டு விளக்கங்களை முன்வைத்து எது பொருந்துகிறது என்று அவர் கேட்டால், பிள்ளை மறுக்காமலே தேர்ந்தெடுக்க முடியும்.

பெயரை மறைப்பது தன் பள்ளியை ஆராய்பவருக்கு ஏறத்தாழ இயலாத காரியம். ஆய்வேட்டின் அட்டையில் ஆசிரியையின் பெயர் இருக்கிறது. அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பது ஊருக்கே தெரியும். ‘பள்ளி அ’ என்று எழுதினால் யாரும் ஏமாறப்போவதில்லை. பள்ளியில் அறிவியலுக்கு ஒரே ஆசிரியர் இருக்கும்போது ‘அறிவியல் ஆசிரியர் கூறியது’ என்பது அவர் பெயரை அச்சிடுவதற்குச் சமம். பாடத்தின் பெயரையும் பணி ஆண்டுகளையும் நீக்கலாம். இருவர் சொன்னதைச் சேர்த்து எழுதலாம். அப்படியும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் கூற்றை, எவ்வளவு அருமையான மேற்கோளாக இருந்தாலும், விட்டுவிடத்தான் வேண்டும். அவர்களோடு ஆசிரியை அடுத்த கல்வியாண்டிலும் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கும் அவரோடு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.

சில கேள்விகளைத் தன் பள்ளியில் கேட்காமலிருப்பதே சரி. தான் வகுத்த கற்பித்தல் முறை பயன் தந்ததா என்பதை, தான் நடத்தி, தான் வினாத்தாள் அமைத்து, தான் திருத்திய மதிப்பெண்ணால் காட்டுவது அவற்றுள் முதன்மையானது. அந்த ஆய்வைச் செய்தே ஆக வேண்டுமென்றால், விடைத்தாள்களில் பெயரை மறைத்து டம்மி எண் இட்டு, எந்தத் தாள் எந்தப் பிரிவுடையது என்று தெரியாத வேறு பள்ளி ஆசிரியரைத் திருத்தச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் ஆய்வுமுறை இயலில் எழுத வேண்டிய பத்தி கடினமானதில்லை. வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்: ‘ஆய்வாளர் இப்பள்ளியில் 12 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறார். எனவே சார்பு ஏற்பட வாய்ப்புள்ளது. எனினும் ஆய்வு நடுநிலையோடு மேற்கொள்ளப்பட்டது.’ இதில் மூன்றாவது வாக்கியத்துக்கு ஆதாரமே இல்லை. முதல் வாக்கியம் எந்தத் தரவோடும் சேரவில்லை. கற்பனை ஆசிரியை எழுத வேண்டியது வேறு:

‘ஆய்வாளர் இவ்வகுப்பின் கணக்கு ஆசிரியை, மாணவர்களுக்கு மதிப்பெண் இடுபவர். ஆகவே மாணவர் நேர்காணல்களைப் பள்ளிக்குத் தொடர்பில்லாத ஒருவர் நடத்தினார். களப்பணிக்கு முன் ஆய்வாளர் எழுதித் தந்த எதிர்பார்ப்பில், மாணவர் தயக்கத்துக்கு வீட்டுச் சூழலும் அடிப்படைக் குறைவுமே காரணங்களாகக் கூறப்பட்டிருந்தன. தன் கற்பித்தல் கூறப்படவில்லை. 15 நாள் நாட்குறிப்பும் அதே திசையில் இருந்தது. பலகையை அழித்தபடியே கேள்வி கேட்கும் பழக்கம் நேர்காணலில்தான் வெளிப்பட்டது. பின்னர் வகுப்பறை நோக்கலால் சோதிக்கப்பட்டது. சக ஆசிரியர் நேர்காணல்களை ஆய்வாளரே நடத்தினார். அவற்றுக்கு இத்தகைய எதிர்ச்சோதனை இல்லை.’

கடைசி வாக்கியத்தை எழுதத்தான் பலருக்கும் மனம் வருவதில்லை; வாய்மொழித் தேர்வில் அதையே பிடித்துக்கொள்வார்கள் என்ற அச்சம். ஆனால் ஆய்வேட்டைப் படிப்பவருக்கு எந்தத் தரவை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வது அந்த வாக்கியம்தான். அது ஆய்வுமுறை இயலோடு நின்றுவிடவும் கூடாது. முடிவுகளை விவரிக்கும் இயலில் சக ஆசிரியர்களின் கூற்றுகளை வைத்து எதையேனும் நிறுவும் ஒவ்வோரிடத்திலும், இவை எதிர்ச்சோதனைக்கு உட்படாதவை என்ற குறிப்பு கூடவே வர வேண்டும்.